லைனே சேர்ந்து தைத்த ஆறுதல்

காஜாவை உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வாய்ப்பும் இல்லை. நாலு பேர் நிற்கிற இடத்தில் அவளும் நின்றால், மூன்று பேர் நிற்பதாகத்தான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அவ்வளவு அமைதி. சட்டை தைக்கிற கம்பெனியில், பட்டன் நுழைகிற ஓட்டை இருக்கிறதே, அந்தக் காஜாவைப் போடுகிற மெஷினில் அவள் உட்கார்ந்திருந்தாள். அடுத்த மெஷின் என்னுடையது. அவள் ஓட்டை போட்டதும் சட்டை என் கைக்கு வரும், நான் பட்டன் வைப்பேன். வரிசையாக மெஷின் போட்டிருக்கிற எங்கள் லைனில் இருவரையும் காஜா, பட்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். என் வாய்க்காக எனக்கு இன்னொரு பெயரும் வைத்திருந்தார்கள். அது இங்கே வேண்டாம்.

மெஷின் இரைச்சலில் பேச முடியாது. பேசினாலும் சூப்பர்வைசர் விடமாட்டார். அதனால் அவளுக்கும் எனக்கும் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. என் பக்கம் சட்டைக் கட்டுகள் பண்டில் மேல் பண்டிலாகக் குவிந்து நான் மூச்சுத் திணறும்போது, "உதவட்டுமா?" என்று அவள் கேட்கவே மாட்டாள். கேட்டால் நான் நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்ல வேண்டும், அதற்குள் இன்னும் இரண்டு பீஸ் சேர்ந்துவிடும். அவள் பாட்டுக்குக் கையை நீட்டி என் குவியலிலிருந்து ஒரு பண்டிலை இழுத்துக்கொள்வாள். எந்த இடத்தில் பட்டன் வர வேண்டும் என்று காஜா ஓட்டை வழியாகச் சாக்பீஸால் புள்ளி வைப்பாள். மேல் பீஸில் ஒரு டிக் போட்டு என் பக்கமே தள்ளிவிடுவாள். டிக் இருந்தால் பார்த்தாகிவிட்டது, நீ தைத்தால் போதும் என்று அர்த்தம். நன்றி சொன்னதும் இல்லை, அவள் எதிர்பார்த்ததும் இல்லை. இப்படியே வருஷங்கள் ஓடின.

அப்புறம் என் வீட்டுக்காரர் விழுந்தார்.

அவர் பெயிண்டர். ஒரு நாள் ஏணியிலிருந்து நல்லபடியாக இறங்கிவந்து, கை மரத்துப்போகிறது என்று சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் வாய் கோணிவிட்டது. பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போனது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மூக்கில் ஒரு குழாயோடு அனுப்பிவைத்தார்கள். மகள் தொலைவில் இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி. ஆக, நான்தான். கம்பெனிக்குப் போவது நின்றது.

வீட்டில் வைத்துப் பார்ப்பது என்றால் என்னவென்று சொல்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்ப வேண்டும். இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம். இரவிலும்தான். விட்டால் முதுகுப்புண் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் முட்டிகளுக்கு நடுவே தலையணை, குதிகால் சிவந்திருக்கிறதா என்று ஒரு பார்வை. மூத்திரப் பையைக் காலி செய்ய வேண்டும். துணி மாற்ற வேண்டும். சாப்பாடு குழாய் வழியாக. தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி, குழாய் இடம் நகராமல் இருக்கிறதா என்று பார்த்து, சிரிஞ்சில் ஊற்றி, மெல்ல இறங்கவிட வேண்டும். பிறகு தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். அதன் பிறகும் அரைமணி நேரத்துக்கு மேல் அவரைச் சாய்த்தே வைத்திருக்க வேண்டும். "படுத்த நிலையில ஊத்திடாதீங்க. நுரையீரலுக்குள்ள போயிட்டா அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று குழாய் மாற்ற வருகிற நர்ஸ் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போவார்.

இதற்கு நடுவில் போன் அடிக்கும். செய்தி வந்து குவியும்.

எத்தனை செய்திகள்! ரோஜாப்பூப் படம் போட்டு "விரைவில் குணமடைய வாழ்த்துகள்." கையெடுத்துக் கும்பிடும் பொம்மைகள். "இப்போ எப்படி இருக்கார்?" என்று தினமும் அதே கேள்வி, அதே ஆளிடமிருந்து. நேற்று இருந்த மாதிரிதான் இருக்கிறாரப்பா, என்ன சொல்வது? ஒருவர் எண்ணெய் தேய்க்கச் சொன்னார். இன்னொருவர் அந்த எண்ணெயைத் தொடவே கூடாது என்றார். நாத்தனார் நேரிலேயே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, நான் போட்டுக்கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, "நீ கொஞ்சம் பொறுமையா பார்த்திருந்தா அவனுக்கு இந்நேரம் பேச்சு வந்திருக்கும்" என்றார். அன்றைக்கு நான் பேசிய பேச்சு தெருமுனை வரை கேட்டது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வேறு யாரும் வரவில்லை. போனை நான் சத்தமில்லாமல் போட்டுவிட்டேன்.

ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. காரணம் காஜா. அவளிடமிருந்து ஒரு வரிகூட இல்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்கு விடுகிற நேரத்தில் போனை எடுத்துப் பார்த்தால், அவள் பெயருக்குக் கீழே 'டைப் செய்கிறார்' என்று வரும். நான் காத்திருப்பேன். நின்றுவிடும். மறுபடி வரும். மறுபடி நின்றுவிடும். கடைசியில் ஒன்றும் வராது. அடுத்த நாளும் அதே கூத்து. அடிப்பாவி, எதையாவது போட்டுத் தொலையேண்டி என்று போனைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். ஊரே மறந்தாலும் இவளும் மறப்பாளா என்று அழுதும் இருக்கிறேன்.

ஒரு நாள் காலையில் அது நடந்தது. சிரிஞ்சைப் பிடித்தபடியே நான் தூங்கிவிட்டேன். நின்றுகொண்டே. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் இருமுகிற சத்தத்தில்தான் விழித்தேன். தலையணையிலிருந்து சரிந்து ஏறக்குறையப் படுத்த நிலையில் கிடக்கிறார், என் கை சிரிஞ்சை அப்படியே தூக்கிப் பிடித்திருக்கிறது, உணவு இறங்கிக்கொண்டிருக்கிறது. குழாயை மடக்கிப் பிடித்து, அவரைத் தூக்கி உட்காரவைத்து, முதுகைத் தாங்கிக்கொண்டு, ஐயோ ஐயோ என்று நர்ஸுக்குப் போன் போட்டேன். நர்ஸ் வந்து அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, இந்தத் தடவை தப்பித்துவிட்டது என்றார். என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீங்க எப்போ தூங்குனீங்க?"

"தூங்கிட்டுத்தான் இருக்கேன்."

"இப்படியே போனா, அவருக்கு நோயைவிட உங்க தூக்கம்தான் ஆபத்து. சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. யாரையாவது கூப்பிடுங்க."

யாரைக் கூப்பிடுவது? எல்லோரையும்தான் நானே விரட்டியிருந்தேனே. நோய் கொல்லாமல் விட்டாலும் நானே அவரைக் கொன்றுவிடுவேன் என்ற பயம் அன்றைக்கு எனக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. அந்த மதியத்தில்தான் போன் ஒளிர்ந்தது. காஜாவிடமிருந்து. உடனே திறந்தேன்.

"அன்புச் சகோதரிக்கு வணக்கம். தங்கள் கணவரின் உடல்நிலை குறித்து அறிந்து ஆழ்ந்த வேதனை அடைந்தோம். தாங்கள் தைரியமாக இருக்க வேண்டும். எல்லாம் நன்மைக்கே. எங்கள் சித்தப்பாவுக்கும் இதே நோய் வந்து இப்போது ஓடியாடுகிறார். நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். கடவுள் தாங்கக்கூடியவர்களுக்குத்தான் கஷ்டம் கொடுப்பார். எந்த உதவி தேவைப்பட்டாலும் தயங்காமல் தெரிவிக்கவும்."

எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. காஜாவுக்குச் சித்தப்பாவே கிடையாது!

நடந்தது என்னவென்று பிறகுதான் தெரியவந்தது. என்ன எழுதுவது என்று தெரியாமல் அவள் தினமும் அடித்து அடித்து அழித்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட, காலர் தைக்கிற காலர்க்காரி அதைப் பார்த்துவிட்டு, "கொடு, நான் ஆரம்பிக்கிறேன்" என்று போனை வாங்கியிருக்கிறாள். வணக்கமும் வேதனையும் அவளுடையது. அவளிடமிருந்து கஃப் தைக்கிறவள் வாங்கித் தைரியத்தை வைத்தாள். பாக்கெட் வைக்கிறவளுக்குத்தான் அந்தச் சித்தப்பா. நூல் பிசிறு வெட்டுகிறவள் கடவுளைச் சேர்த்தாள். கடைசியில் சூப்பர்வைசர் வந்து, முடிப்பு சரியில்லையே என்று 'தயங்காமல் தெரிவிக்கவும்' போட்டு முடித்திருக்கிறார். சட்டை தைக்கிற மாதிரியே ஆளுக்கொரு பாகமாகத் தைத்து அனுப்பிவிட்டார்கள், பாவிகள். காஜாவின் பாகம் அதில் ஒரு எழுத்தும் இல்லை. ஓட்டை போடாத சட்டை.

நான் பொறுப்பேனா? குரல் பதிவு பட்டனை அழுத்தினேன்.

"ஏய் காஜா, இது யார் தச்ச சட்டைடி? பூரா குறை, ஆல்டர் பீஸ்! தைரியமா இருக்கணுமாம். பயந்தா ஓடிடவா போறேன், எங்கே ஓடுறது? எல்லாம் நன்மைக்கேவா? வந்து அவர் வாயைப் பார்த்துட்டு அதைச் சொல்லச் சொல்லு. நேரத்துக்குச் சாப்பிடணுமாம்! இன்னிக்குப் பல் தேய்ச்சேனா இல்லையான்னே எனக்கு ஞாபகம் இல்லை. அப்புறம் அந்த 'எந்த உதவி தேவைப்பட்டாலும்'. அதை யாருடி போட்டது? எனக்கு என்ன வேணும்னு நான் உக்காந்து யோசிச்சு, இவங்களால எது முடியும்னு கணக்குப் போட்டு, கூச்சப்பட்டுக் கேட்டு, இல்லைன்னா சரின்னு சொல்லணும். இருக்கிற வேலை பத்தாதா எனக்கு? ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, நான் எப்படி இருக்கேன்னு கேட்டீங்களாடி? காலைல சாப்பாடு ஊத்தும்போது தூங்கிட்டேன். செத்திருப்பாரு. என் கையாலேயே..."

 விரல் தானாகப் பட்டனை விட்டது, பதிவு போய்விட்டது.

அதை அழித்துவிடலாமா என்று நினைப்பதற்குள் அவரைத் திருப்புகிற நேரம் வந்துவிட்டது.

மறுநாள் மதியம்தான் அவள் அதைக் கேட்டிருக்கிறாள். வேலை நேரத்தில் போன் பெட்டிக்குள் போய்விடும். லைனே சுற்றி உட்கார்ந்திருக்க, ஸ்பீக்கரைப் போட்டுத் தொலைத்திருக்கிறாள். காலர்க்காரி முகம் கறுத்துப்போனாளாம். "உதவி பண்ண நினைச்சதுக்கு இதுவா மரியாதை?" என்றாளாம். சூப்பர்வைசர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாராம். காஜா மட்டும் எல்லோரும் போன பிறகு அதை இன்னொரு முறை போட்டுக் கேட்டிருக்கிறாள். ஆல்டர் பீஸ் எது திரும்பி வந்தாலும் அவள் செய்வது அதுதான். குறை எங்கே என்று செக்கிங்கில் அம்புக்குறி ஒட்டி அனுப்புவார்கள், அவள் ஒவ்வொரு அம்பாகப் பார்த்து, தையலைப் பிரித்து, மறுபடி போடுவாள். கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அன்று மாலை அவளிடமிருந்து வந்தது இது. இன்றைக்கும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

"நான்தான். வேற யாரும் தொடல. உன் குரலைக் கேட்டேன். ரொம்ப நாள் ஆச்சு கேட்டு. உன் மெஷின்ல வேற ஆளை உக்கார வச்சிருக்காங்க, நல்லாதான் தைக்கிறா, எனக்குத்தான் அந்தப் பக்கம் பார்க்கப் பிடிக்கல. தினமும் உன்னை நினைக்கிறேன். என்ன எழுதினாலும் தப்பாயிடுமோன்னு பயந்துட்டேன். ஞாயித்துக்கிழமை காலைல அவருக்குச் சாப்பாடு குடுக்கிற நேரத்துக்கு வரேன். சாயங்காலம் வரைக்கும் இருப்பேன். எங்க மாமியாருக்குக் குழாயில குடுத்திருக்கேன், திருப்பிப் படுக்க வைக்கவும் தெரியும். முதல் தடவை நீ பக்கத்துல நின்னு பாரு. அப்புறம் போய்த் தூங்கு. வீட்டைப் பெருக்காதே. காபி போடாதே. என்கிட்ட பேசக்கூட வேணாம். எனக்குச் சாப்பாடு நானே கொண்டு வரேன். இதுக்குப் பதில் போடாதே. வர வேணாம்னா கதவைத் திறக்காதே, நான் கோவிச்சுக்காம திரும்பிப் போயிட்டு அடுத்த வாரம் வரேன்."

படித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றேன். எந்த இடத்திலும் எனக்கு ஒரு வேலை வைக்கவில்லை அவள். யோசிக்கிற வேலை, பதில் போடுகிற வேலை, வீட்டைப் பெருக்கி முகத்தைத் திருத்தி உட்காரவைத்து உபசரிக்கிற வேலை, எதுவுமே இல்லை. வேண்டாம் என்று சொல்கிற வேலையைக்கூட அவளே எடுத்துக்கொண்டுவிட்டாள். பதில் போடாதே என்றதால் நான் போடவில்லை. அத்தனை மாதத்தில் முதல்முறையாக, பதில் போடாதது ஒரு குற்றமாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கதவைத் திறப்பதா வேண்டாமா என்று ஒரு நொடி நின்றேன், உண்மையைச் சொல்கிறேன். வீடு நாற்றமடித்தது. என் தலை எப்படி இருந்தது என்று கேட்கவே வேண்டாம். திறந்தேன். பையோடு நின்றாள்.

"எந்தப் பக்கம் படுத்திருக்காரு?"

"வலது பக்கம்."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். அவர் முகத்துக்கு நேரே குனிந்து, "அண்ணே, நான் காஜா. இன்னிக்கு நான்தான் உங்களுக்குச் சாப்பாடு குடுக்கப் போறேன். பிடிக்கலைன்னா இடது கையால என்னை ஒரு அடி அடிங்க" என்றாள். அவர் அடிக்கவில்லை. தலைப்பக்கத்தை உயர்த்தினாள். குழாயில் போட்டிருந்த குறி அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தாள். ஊற்றினாள், இறங்கவிட்டாள், தண்ணீர் விட்டாள். காஜா போடுகிற அதே கை, அவசரமே இல்லாத கை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமே அகப்படவில்லை. அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

"போ" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

"ஏதாவதுன்னா எழுப்பு."

"ஏதாவதுன்னாதான் எழுப்புவேன். போடி."

பக்கத்து அறைக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. அதே அறையில், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாயை விரித்துப் படுத்தேன். அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பேன் என்பது என் திட்டம். திட்டம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

விழித்தபோது ஜன்னல் திரையில் வெயில் எதிர்ப்பக்கம் போயிருந்தது. திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தேன். எத்தனை திருப்பல் போச்சு, எத்தனை வேளை போச்சு, ஐயோ! நாற்காலியில் காஜா இல்லை. குளியலறையில் துணி அலசுகிற சத்தம் கேட்டது. அவர் இடது பக்கமாகப் படுத்து, முட்டிகளுக்கு நடுவே தலையணையோடு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.  நேரம் பார்க்கத் தலைமாட்டில் கிடந்த போனை எடுத்தேன்.

அவளிடமிருந்து வரிசையாகச் செய்திகள். மூன்றடி தூரத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, சத்தமில்லாமல், எனக்கு அனுப்பியிருக்கிறாள்.

"தூங்கிட்டே. குறட்டை விடுறே. அண்ணன் கேட்டுட்டு இருக்காரு."

"மல்லாக்கத் திருப்பிட்டேன். குதிகால் பார்த்தேன், சிவக்கல."

"மதிய வேளை குடுத்தாச்சு. சாய்ச்சுத்தான் வச்சிருக்கேன், எந்திரிச்சதும் பதறாதே."

"பை காலி பண்ணிட்டேன். நிறம் நல்லாத்தான் இருக்கு."

"உன் மேல வெயில் விழுந்துச்சு. அண்ணன் இடது கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டினாரு. திரையை இழுத்து விட்டேன். அப்புறம்தான் கையைக் கீழே போட்டாரு."

அந்த வரியில் நின்றுவிட்டேன். அவருக்கு இனி ஒன்றும் புரியாதோ, நான் யாரென்றாவது தெரிகிறதா என்று நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்த விஷயம் அது. யாரிடமும் சொன்னதில்லை. அந்த மனிதர், நான் தூங்கட்டும் என்று கையைத் தூக்கியிருக்கிறார். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் இடது கை என் தலையைத் தேடி வந்தது. பெயிண்ட் நாற்றமெல்லாம் போய் மருந்து நாற்றமடிக்கிற கைதான், ஆனால் அவர் கை.

காஜா ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள். எங்களைப் பார்த்தாள். உள்ளே வராமல் துணி காயப்போடப் போய்விட்டாள். எப்போது உள்ளே வரக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் கிளம்பும்போது அவள் பையை நான் எடுத்துக்கொடுத்தேன்.  அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, கட்டிலைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். கட்டிலின் மரச்சட்டத்தில் தையல் சாக்பீஸால் எழுதியிருந்தாள். இடது, மல்லாக்க, வலது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு டிக்.

அவள் தெருவைத் தாண்டியிருக்க மாட்டாள், நான் போனை எடுத்தேன். அவர் விழுந்த நாளிலிருந்து எவருக்கும் நானாக அனுப்பாத செய்தியை அன்றைக்கு அனுப்பினேன்.

"அடுத்த ஞாயிறும் வர முடியுமாடி?"

'டைப் செய்கிறார்' என்று வந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை.

"உன் குவியல்லேர்ந்து எடுக்கிறதுக்கு நான் எப்போ உன்னைக் கேட்டிருக்கேன்?"